அத்தையை எழுத்தில் எப்படிக் கூப்பிடுவது?

நினைவுக் கட்டுரை எழுத உட்காருகிறவர் முதல் வரியிலேயே ஒரு முடிவை எடுத்துவிடுகிறார். பெரும்பாலும் எடுத்தது அவருக்கே தெரியாது. தன் அத்தையைப் பற்றி எழுதப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வெறுமனே 'அத்தை' என்று எழுதலாம். 'என் அத்தை' என்று எழுதலாம். 'அப்பாவின் மூத்த சகோதரி' என்று உறவை விரித்துச் சொல்லலாம். வீட்டில் வழங்கும் செல்லப் பெயரைப் போடலாம். பதிவேட்டில் இருக்கிற பெயரையே போடலாம். ஐந்தும் சுட்டுவது ஒரே மனுஷியைத்தான். ஆனால் எழுதுகிறவர் வீட்டுக்குள் நின்று பேசுகிறாரா, வாசலில் நின்று வெளியாளிடம் பேசுகிறாரா என்பது ஐந்திலும் மாறிவிடுகிறது.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விவரிப்புக்கு வெறும் உறவுச் சொல். செல்லப் பெயர் பாத்திரங்களின் வாயில் மட்டும். இயற்பெயர் கட்டுரை முழுக்க ஒரே ஓர் இடத்தில், அதுவும் ஒரு வெளியாள் சொல்லும்போது. உறவு விளக்கம் கூடுமானவரை வேண்டாம். இதை மீற வேண்டிய இடங்களும் உண்டு, அவற்றையும் பார்ப்போம்.

பேச்சாகப் பேசுவதைவிட ஒரு பத்தியைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது. இதற்காகவே கட்டிய கற்பனைப் பத்தி இது:

"என் அப்பாவின் மூத்த சகோதரி விசாலாட்சி எங்களுடனேயே வசித்து வந்தார். அவருக்கு என்மீது மிகுந்த பாசம் உண்டு. நான் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் சட்டைப் பொத்தான் அறுந்துவிட்டால், சட்டையைக் கழற்றச் சொல்லாமல் அப்படியே தைத்துக் கொடுப்பார். அவர் சொல்லுக்கு என் அப்பாவும் கட்டுப்படுவார். நாங்கள் இருவரும் மிகவும் நெருக்கமாக இருந்தோம்."

இதில் பிழை எதுவும் இல்லை. தகவல் எல்லாம் இருக்கிறது. அதே தகவலை வேறு விதமாக எழுதினால்:

"பொத்தான் அறுந்தால் அத்தை சட்டையைக் கழற்றச் சொல்லமாட்டாள். 'ஆடாம நில்லுடா சிட்டு' என்று என் நெஞ்சோடு சேர்த்துத் தைப்பாள். நூலைப் பல்லால் கடிக்கும்போது அவள் தலைமுடி என் தாடையில் உரசும். வாசலில் இருந்து அப்பா, நேரமாச்சு என்று கத்துவார். 'கத்தாதடா தம்பி' என்பாள், ஊசியில் இருந்து கண்ணை எடுக்காமல்."

இரண்டாவதில் 'பாசம்' இல்லை, 'நெருக்கம்' இல்லை, 'மூத்த சகோதரி' இல்லை, 'எங்களுடனேயே வசித்தார்' என்பதும் இல்லை. ஆனால் எல்லாமே வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. அப்பாவைத் 'தம்பி' என்று கூப்பிடுவதால் அவள் அப்பாவுக்கு மூத்தவள். பள்ளி கிளம்பும் நேரத்தில், கையில் ஊசியோடு இருப்பதால் அந்த வீட்டில் இருப்பவள். அந்த 'டா' ஒன்றே போதும், வீட்டில் யார் சொல் எடுபடும் என்பதைச் சொல்ல. 'சிட்டு' என்பவன் சிறுவன், அவளுக்கு மட்டும் அவன் சிட்டு. முதல் பத்தியில் 'நெருக்கமாக இருந்தோம்' என்ற வரி வாசகரிடம் நம்பிக்கையைக் கேட்கிறது. இரண்டாவது கேட்கவில்லை.

வேலை எங்கே நடக்கிறது என்று பாருங்கள். 'அத்தை' என்ற சொல் தனியாக ஒன்றும் செய்துவிடவில்லை. அந்தச் சொல்லோடு, அவள் மற்றவர்களை எப்படிக் கூப்பிடுகிறாள் என்பதும் சேர்ந்தபோதுதான் உறவின் வரைபடம் முழுமையாயிற்று. ஒருவரை நாம் எப்படிக் கூப்பிடுகிறோம் என்பதைவிட, அவர் மற்றவர்களை எப்படிக் கூப்பிடுகிறார் என்பதே வீட்டைப் பற்றி அதிகம் சொல்லும்.

'என்' போடுவதா, விடுவதா

வீட்டுக்குள் யாரும் 'என் அம்மா' என்று சொல்வதில்லை. தம்பியிடம் பேசும்போது 'அம்மா எங்கே' என்றுதான் கேட்போம். வெளியாளிடம் பேசும்போதுகூட 'எங்கம்மா' என்போமே தவிர 'என் அம்மா' என்பது அபூர்வம். ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவரும் 'எங்கம்மா' என்றுதான் சொல்கிறார். ஆக, எழுத்தில் வரும் 'என் அம்மா' பேச்சில் இருந்து வந்ததல்ல. அது அறிமுகம் செய்துவைக்கும் தொனி. மேடையில் ஏறி 'இவர் என் அம்மா' என்று காட்டுகிற மாதிரி.

பழைய தமிழில் இந்தச் சிக்கலே கிடையாது. 'யாய்' என்றால் என் தாய், 'ஞாய்' என்றால் உன் தாய், 'தாய்' என்றால் அவன் அல்லது அவள் தாய். அதேபோல் எந்தை, நுந்தை, தந்தை. யாருடைய என்பது சொல்லுக்குள்ளேயே இருந்தது. இன்று தாயும் தந்தையும் பொதுச் சொற்களாகிவிட்டன, 'யாருடைய' என்பதைத் தனியே ஒட்ட வேண்டியிருக்கிறது. ஒட்டுவதா விடுவதா என்பது நம் கையில் இருப்பதால், ஒட்டினாலும் ஒரு பொருள் வருகிறது, விட்டாலும் ஒரு பொருள் வருகிறது.

முதல் வரியில் 'என்' இல்லாமல் 'அத்தை' என்று தொடங்கினால், வாசகரை ஏற்கெனவே அந்த வீட்டில் இருப்பவராக நடத்துகிறோம். அவருக்கு முதலில் சற்றுத் தடுமாற்றம் இருக்கும், இரண்டு வரிகளில் அது போய்விடும். 'என் அத்தை' என்று தொடங்கினால் தடுமாற்றம் இல்லை, ஆனால் அவர் விருந்தாளியாகவே கடைசிவரை உட்கார்ந்திருப்பார். ஆய்வு நோக்கமுள்ள கட்டுரையாகவோ, உறவு ஒரு சான்றாக மட்டும் வந்துபோகும் இடமாகவோ இருந்தால் 'என்' சரி. நினைவெழுத்தில் அதை முதல் முறைகூடப் போட வேண்டாம் என்பது என் கட்சி.

இந்த முன்னொட்டை எழுத்தாளர்கள் பயன்படுத்த மறந்துவிடுகிற ஓர் இடம் உண்டு. மற்ற நாட்களில் அம்மா, 'அப்பா வந்தாச்சா?' என்று கேட்பாள். சண்டை நடந்த அன்று 'உங்கப்பா வந்தாச்சா?' என்று கேட்பாள். 'உன் பிள்ளை செஞ்ச வேலையப் பாரு' என்று அப்பா சொன்னால் அந்தக் கணத்தில் பிள்ளை அம்மாவுக்கு மட்டுமே சொந்தம். பிள்ளை பரிசு வாங்கி வந்த நாளில் அதே வாய் 'நம்ம பிள்ளை' என்கிறது. கணவன் மனைவிக்கு இடையே மனக்கசப்பு இருந்தது என்று ஒரு பத்தி எழுதுவதற்குப் பதில், இந்த மாற்றத்தை இரண்டு உரையாடல் வரிகளில் காட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். தமிழ் வீட்டில் வளர்ந்த எவருக்கும் அது உடனே கேட்கும்.

வெறும் உறவுச் சொல்லின் தொல்லைகள்

'அத்தை' என்றால் யார்? அப்பாவின் சகோதரி. தாய்மாமாவின் மனைவி. மாமியார். 'மாமா' இன்னும் அகலம்: அம்மாவின் சகோதரர், அத்தையின் கணவர், மாமனார், சில வீடுகளில் அக்காவின் கணவர், சில வீடுகளில் சொந்தக் கணவரே, பக்கத்து வீட்டு நடுவயதுக்காரர். வீட்டில் குழப்பம் வராது, ஆள் எதிரில் நிற்கிறார். எழுதிய தாளில் அந்த ஆள் இல்லை.

இந்தக் குழப்பத்தை நீக்க இரண்டு வழி. ஒன்று, விளக்கத் தொடர்: 'அத்தை, அதாவது அப்பாவின் அக்கா'. மற்றது, மேலே பார்த்தபடி அவரை வேறொருவரிடம் பேசவிடுவது. முதலாவது விரைவு, ஆனால் அந்த 'அதாவது' வந்த உடனே எழுதுகிறவர் வீட்டைவிட்டு வெளியே வந்துவிடுகிறார். இரண்டாவதற்கு ஒரு சின்னச் செயல் தேவை, அவ்வளவுதான். மாமியாரைப் பற்றி எழுதுகிறவர், 'என் கணவரின் தாயார்' என்று எழுத வேண்டியதில்லை. 'அத்தை அவரை இன்னும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார், எனக்குத்தான் அந்த வீட்டில் அது வாய்க்கவில்லை' என்று எழுதினால் உறவும் தெரிகிறது, இரண்டு தலைமுறையின் வழக்கமும் தெரிகிறது, எழுதுகிறவரின் மெல்லிய பொறாமையும் தெரிகிறது.

பாட்டிமார்களுக்கு வரும்போது சிக்கல் வேறு. அப்பத்தா, அம்மாயி, அப்பாச்சி, அம்மம்மா, அம்மாச்சி, ஆச்சி, ஆயா என்று வீட்டுக்கு வீடு சொல் மாறுகிறது. எந்தச் சொல்லை எழுதினாலும் எழுதுகிறவரின் வட்டாரமும், பல நேரம் சமூகமும் கூடவே வந்துவிடும். அது வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் எல்லாவற்றையும் 'பாட்டி' ஆக்கிவிடுகிறார்கள். அது நியாயமான முடிவுதான், ஆனால் விலை உண்டு. வாழ்நாள் முழுக்க 'அப்பத்தா' என்று கூப்பிட்டவரை 'பாட்டி' என்று எழுதும்போது எழுதுகிறவருக்கே அந்த ஆள் கொஞ்சம் தூரமாகிறார், வாக்கியங்கள் மரியாதையாகவும் மங்கலாகவும் வரத் தொடங்குகின்றன. நான் வீட்டுச் சொல்லையே வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

ஆனால் இந்தச் சொற்கள் எல்லாம் ஒரே அளவு தானே விளங்குபவை அல்ல. 'அப்பத்தா' என்பதில் அப்பா இருக்கிறார், யாரும் புரிந்துகொள்வார்கள். 'ஆச்சி' ஒரு வீட்டில் பாட்டி, இன்னொரு வீட்டில் அக்கா. 'ஐயா' ஓரிடத்தில் அப்பா, ஓரிடத்தில் தாத்தா. எல்லாவற்றிலும் ஆபத்தானது 'ஆயா'. எழுதுகிறவருக்கு அது பாட்டி, பல வாசகருக்கு அது குழந்தையைப் பார்த்துக்கொள்ள அமர்த்திய பெண். 'ஆயா என்னைத் தூக்கி வளர்த்தாள்' என்ற வரியை இரண்டு தரப்பும் நிம்மதியாகப் படித்துவிட்டு இரண்டு வேறு கதைகளை எடுத்துக்கொண்டு போவார்கள், தவறு நடந்ததே தெரியாது. இப்படிப்பட்ட சொல்லுக்கு முதல் பத்தியிலேயே ஒரு கொக்கி வேண்டும்: 'ஆயா அம்மாவைத் திட்டும்போது, நான் பெத்ததாச்சே என்று தானே ஓய்ந்துவிடும்' என்பது போல.

சித்தப்பா மூன்று பேர் இருந்தால்? வீட்டில் ஏற்கெனவே ஓர் ஏற்பாடு இருந்திருக்கும். பெரிய, சின்ன, குட்டி என்றோ, கண்ணாடிச் சித்தப்பா என்றோ. அதையே எடுத்துக்கொள்ளுங்கள், புதிதாக அடைமொழி செய்ய வேண்டாம்.

வினைமுற்று காட்டிக்கொடுக்கும்

உறவுச் சொல்லைத் தேர்ந்தெடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் தமிழில் அதிகம். முடியவில்லை. அடுத்து வரும் வினைமுற்று அந்தத் தேர்வைத் திருத்தி எழுதிவிடும். 'அம்மா வந்தாள்', 'அம்மா வந்தார்', 'அம்மா வந்தாங்க', 'அம்மா வந்துச்சு'. நான்கும் நான்கு வீடு.

'வந்தாள்' எழுத்தில் நெடுங்காலமாக நெருக்கத்தின் வடிவமாக இருந்துவருகிறது. 'வந்தார்' இன்று பலர் விரும்புவது, காரணமும் உண்டு: அப்பா மட்டும் 'வந்தார்', அம்மா மட்டும் 'வந்தாள்' என்பதில் ஒரு மேல்கீழ் இருக்கிறது. என் மாதிரிப் பத்தியிலேயே பாருங்கள், அத்தை 'தைப்பாள்', அப்பா 'கத்துவார்'. அப்பாவை 'டா' போட்டு அடக்குகிற ஆளுக்கு 'ஆள்' விகுதி, அடங்குகிற ஆளுக்கு 'ஆர்' விகுதி. சிறுவன் பேசிய மொழி அது என்பது என் சமாதானம். சிறுவனுக்கு அப்பாவிடம் பயம், அத்தையிடம் பயமில்லை. ஆனால் இது தானாக வந்ததா, வேண்டுமென்று வைத்ததா என்று எழுதுகிறவர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அப்பாவையும் அம்மாவையும் பற்றிச் சரிசமமாக எழுத நினைக்கும் கட்டுரையில் இந்த வேறுபாடு, நீங்கள் சொல்ல வராத ஒன்றைப் பக்கத்துக்குப் பக்கம் சொல்லிக்கொண்டே இருக்கும்.

'வந்துச்சு' இன்னும் நுட்பமானது. சில வீடுகளில் அம்மாவுக்கும் பாட்டிக்கும் அஃறிணை முடிவு இயல்பு, அதில் அவமரியாதை துளியும் இல்லை, கொஞ்சல்தான். 'பாப்பா தூங்குது' என்பதில் இருக்கும் அதே கொஞ்சல். அந்தப் பேச்சு வராத வீட்டு வாசகருக்கு அது காதில் இடிக்கும். என் யோசனை: உரையாடலில் அப்படியே விடுங்கள், விவரிப்பில் வைத்தால் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வையுங்கள். நடுவில் 'ஆள்' ஆகவும் 'ஆர்' ஆகவும் தாவினால்தான் வாசகர் அதைப் பிழையாகப் படிப்பார்.

வேண்டுமென்றே தாவுவது வேறு. இளமைப் பகுதி முழுக்க 'அத்தை சொன்னாள்' என்று போய்க்கொண்டிருந்த கட்டுரையில், எழுதுகிறவர் வேலைக்குப் போய், அத்தை தனக்கென்று கைமாற்றுக் கேட்கிற இடத்தில் 'அத்தை கேட்டார்' என்று மாறினால், இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்த பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. ஒரு கட்டுரைக்கு ஒரு தாவல் போதும். இரண்டாவது தாவல் முதலாவதையும் சந்தேகப்பட வைத்துவிடும்.

செல்லப் பெயர் யார் வாயில்

செல்லப் பெயர்களை இரண்டாகப் பிரித்துக்கொள்வது உதவும். கண்ணு, தங்கம், ராசா, செல்லம், குட்டி போன்றவை ஊர்ப் பொதுச் சொத்து. முன்பின் தெரியாத குழந்தையைக்கூட இவற்றால் கூப்பிடலாம். ஆகவே இவை பேசுகிறவரின் அந்த நேரத்துத் தொனியைக் காட்டுமே தவிர, உறவின் ஆழத்தைக் காட்டாது. மற்றது வீட்டுப் பெயர்: அந்த ஒரு வீட்டில், அந்த ஓர் ஆளுக்கு மட்டும் ஒட்டிக்கொண்டது. ரேவதி என்று சொல்ல வராத தம்பி 'ஏதி' என்று கூப்பிட, அதுவே அவளுக்கு நிலைத்துவிட்டது போன்றவை. நெருக்கத்தைக் காட்ட உதவுவது இந்த இரண்டாவது வகைதான். 'தங்கம்' என்று பத்து முறை வரும் உரையாடலைவிட 'ஏதி' என்று ஒருமுறை வருவது அதிகம் சொல்லும்.

இந்தப் பெயர் வந்த கதையை எழுத கை துறுதுறுக்கும். அடக்கிக்கொள்வது நல்லது. தம்பிக்கு 'ர' வராது என்பது வேறோர் இடத்தில், வேறொரு சொல்லில் தெரிந்துவிட்டால் வாசகர் தானே சேர்த்துக்கொள்வார். சேர்த்துக்கொள்ளாவிட்டாலும் நட்டமில்லை. தெரியாத குடும்பத்தின் பேச்சை ஓரமாக நின்று கேட்கும்போது எல்லாப் பெயருக்கும் காரணம் தெரிவதில்லை, ஆனால் அவர்கள் ஒருவருக்கொருவர் எவ்வளவு வேண்டியவர்கள் என்பது தெரிந்துவிடுகிறது.

செல்லப் பெயரை விவரிப்பிலேயே வைப்பது ஒரு தேர்வு. அம்பது வயது அக்காவை 'பாப்பா' என்றே கட்டுரை முழுக்க எழுதலாம். 'பாப்பா வங்கியில் இருந்து ஓய்வு பெற்றாள்' என்ற வரி நன்றாகத்தான் இருக்கிறது, அந்தக் குடும்பம் அவளை எந்த வயதில் நிறுத்திவைத்தது என்பது அதில் இருக்கிறது. ஆனால் நாலாம் பக்கத்தில் அது வெறும் பெயராகிவிடும், வலு போய்விடும். அதனால்தான் மற்றவர் வாயில் வைக்கச் சொல்கிறேன். உரையாடலில் வரும்போது யார் கூப்பிடுகிறார்கள், எப்போது கூப்பிடவில்லை என்ற கணக்கு வாசகர் மனதில் ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்தக் கணக்கைப் பயன்படுத்தும் விதம் ஒன்றைச் சொல்கிறேன். பொத்தான் தைத்த அத்தைக்கு வயதாகி நினைவு தப்பிவிடுகிறது. 'அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை, என் மனம் உடைந்தது' என்று எழுதலாம். அல்லது இப்படி: "அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். 'உக்காருங்க' என்றாள். 'தம்பி வந்துருவான், இருங்க.'" முன்னால் நாலைந்து முறை 'நில்லுடா சிட்டு' என்று கேட்டிருந்தால்தான் இந்த 'உக்காருங்க' வேலை செய்யும். மரியாதைப் பன்மை எப்போதும் மரியாதை அல்ல என்பது தமிழ் வாசகருக்கு விளக்காமலே தெரியும். மாறாக, 'சிட்டு என்று கூப்பிட இனி எனக்கு யாருமில்லை' என்று முடிக்கிற வழி ஒன்று இருக்கிறது. செல்லப் பெயர் வரும் கட்டுரைகளில் பாதி அங்கேதான் போய் நிற்கின்றன. வாசகர் இரண்டு பத்திக்கு முன்பே அதை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்.

முறை மாறிய அழைப்புகளும் இந்தக் கணக்கில் சேரும். மகளை அப்பா 'வாம்மா' என்பார், மகனை அம்மா 'சொல்லுப்பா' என்பாள். இவை எல்லா வீட்டிலும் உண்டு, அதனால் அதிகம் சொல்வதில்லை. ஆனால் சில கூட்டுக் குடும்பங்களில் குழந்தைகள் பெற்ற தாயையே 'அக்கா' என்று கூப்பிடுவதுண்டு, வீட்டில் இருந்த சித்திகளும் மாமாக்களும் அப்படிக் கூப்பிட்டதைக் கேட்டு வளர்ந்ததால். 'நாங்கள் அம்மாவை அக்கா என்றுதான் கூப்பிட்டோம்' என்று எழுதி, அடுத்த வரியில் சித்தி உள்ளிருந்து 'அக்கா' என்று கூப்பிட, யார் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை என்று காட்டிவிட்டால், அந்த வீட்டின் ஆட்கணக்கும், அம்மா எத்தனை பேருக்கு மூத்தவளாக நின்றாள் என்பதும் ஒரே மூச்சில் வந்துவிடும்.

இயற்பெயரும் 'அவர்' என்பதும்

இயற்பெயரை ஓரிடத்தில் மட்டும் வைக்கச் சொன்னேன். மருத்துவமனையில் செவிலியர் வெளியே வந்து 'விசாலாட்சி கூட வந்தவங்க யாரு?' என்று கேட்கிறார். எழுதுகிறவருக்கு அது தன் அத்தை என்று உறைக்க ஒரு நொடி ஆகிறது. அதுவரை பெயரே வராமல் இருந்தால்தான் வாசகருக்கும் அந்த ஒரு நொடி கிடைக்கும். முதல் வரியிலேயே 'விசாலாட்சி அத்தை' என்று அறிமுகப்படுத்தியவருக்கு இந்த வாய்ப்பு போய்விட்டது.

ஆனால் கட்டுரையின் நோக்கமே வேறாக இருந்தால் இந்தத் தீர்ப்பைத் தலைகீழாக மாற்றுவேன். அம்மாவின் திருமணத்துக்கு முந்தைய வாழ்க்கையை, அவள் படித்ததை, பாதியில் விட்டதை எழுதுகிறீர்கள் என்றால் 'அம்மா' என்ற சொல் குறுக்கே வரும். 'அம்மா பதினேழு வயதில் விடுதியில் இருந்து தப்பிப் படம் பார்க்கப் போனாள்' என்பதில் தாய்மை முன்னால் வந்து நின்று, அந்தப் பதினேழு வயதுப் பெண்ணை மறைக்கிறது. அங்கே பெயரைச் சொல்லி எழுதுவதே சரி. பிள்ளை பிறக்கும் பக்கத்தில் 'அம்மா' தொடங்கட்டும்.

கசப்பான உறவுக்கும் யோசனை வேண்டும். உறவுச் சொல் கேட்காமலே அன்பைக் கொண்டுவந்துவிடும். அடித்து வளர்த்த அப்பாவைப் பற்றிய கட்டுரையில் ஒவ்வொரு 'அப்பா'வும் அவருக்குக் கொஞ்சம் மன்னிப்பு வாங்கிக் கொடுக்கிறது. அது உங்கள் எண்ணம் என்றால் சரி. இல்லையென்றால் 'அவர்' என்று மட்டும் எழுதிப் பாருங்கள். 'அவர் வந்தால் வானொலி நின்றுவிடும்' என்ற வரியில் யார் என்று சொல்லவே இல்லை, இருந்தும் வீட்டுக்காரர்தான் என்று புரிகிறது. பெயர் சொல்லாத பழக்கம் நம் வீடுகளில் மரியாதைக்கும் இருந்தது, பயத்துக்கும் இருந்தது.

எழுதி முடித்த பிறகு இரண்டு சோதனைகள் செய்யலாம். உறவுச் சொற்களையும் செல்லப் பெயர்களையும் எல்லா இடத்திலும் நீக்கிவிட்டு 'அவள்', 'அவர்' என்று போட்டுப் படித்துப் பாருங்கள். நெருக்கம் முழுக்கக் காணாமல் போனால், சொல்லை மட்டும் நம்பி எழுதியிருக்கிறீர்கள், நெஞ்சோடு சேர்த்துத் தைப்பது போன்ற ஒரு செயல்கூட இல்லை என்று பொருள். இரண்டாவது, குடும்பத்துக்கு வெளியே ஒருவரிடம் முதல் மூன்று பத்திகளைக் கொடுத்து 'இவள் அப்பாவுக்கு என்ன முறை?' என்று மட்டும் கேளுங்கள். 'பிடித்திருந்ததா' என்று கேட்காதீர்கள், பிடித்தது என்றுதான் சொல்வார்கள். முறை சொல்லத் தெரியாவிட்டால் விளக்கம் சேர்க்காமல், யாரோ யாரையோ கூப்பிடுகிற ஒரு வரியைச் சேருங்கள்.

கடைசியாக, உயிரோடு இருப்பவர்களின் வீட்டுப் பெயர். கருப்பி, குண்டு, கட்டை என்று உடம்பை வைத்து வந்த பெயர்கள் வீட்டுக்குள் அன்பாகவே வழங்கியிருக்கலாம். அச்சில் வந்தால் அந்த அன்பு கூட வராது, உடம்பு மட்டும் வரும். சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுவிடுவதுதான் முறை. அவர் வேண்டாம் என்றால் மாற்றுப் பெயர் தேவைப்படும், அதற்கும் ஒரு பொருத்தம் பார்க்க வேண்டும். இரண்டு அசைப் பெயருக்குப் பதில் இரண்டு அசைப் பெயரே வேண்டும். மழலையில் பிறந்த பெயருக்கு மழலைப் பெயரே வேண்டும், 'செல்லம்' போன்ற பொதுச் சொல் அங்கே உட்காராது. போட்ட பிறகு, வீட்டில் உள்ளவர் வாசலில் இருந்து உள்ளே பார்த்து அந்தப் பெயரைக் கத்துவது போல ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள். கத்த வராத பெயர் எந்த வீட்டிலும் நிலைத்திருக்காது.